கணுக்கால் சுளுக்கிற்குப் பின் ஓட்டத்திற்குத் திரும்புதல்

கணுக்கால் சுளுக்கிற்குப் பின் ஓட்டத்திற்குத் திரும்புதல் என்பது, கணுக்கால் மூட்டின் பிணைநார்கள் காயமுற்ற ஒருவர், சமநிலைப் பயிற்சி, படிப்படியான சுமையேற்றம் ஆகிய இரண்டின் வழியாக மீண்டும் ஓடத் தொடங்கும் மறுவாழ்வு முறையைக் குறிக்கும். எலும்பையும் எலும்பையும் இணைக்கும் உறுதியான நார்களே பிணைநார்கள் ஆகும். பேச்சு வழக்கில் கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் ஏற்படும் தசைப்பிடிப்பையும் சுளுக்கு என்பர். இக்கட்டுரையில் அச்சொல் பிணைநார்க் காயத்தை மட்டுமே குறிக்கின்றது.

மிதமான சுளுக்கில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடுகின்றன. தசை வலிமையும், பாதம் எந்நிலையில் உள்ளது என்பதைக் கண்ணால் பாராமலே உணரும் திறனும் அவ்வளவு விரைவாகத் திரும்புவதில்லை. வலி நின்றதையே குணமடைந்ததன் அடையாளமாகக் கொண்டு ஓடுபவர்களுக்கு இந்த இடைவெளியில் கால் மீண்டும் புரள்வதுண்டு. எனவே, ஓடத் தொடங்கும் நாளை நாட்காட்டியைக் கொண்டோ வலியை மட்டும் கொண்டோ முடிவு செய்யாமல், சில எளிய சோதனைகளைக் கொண்டு முடிவு செய்வது இம்முறையின் அடிப்படையாகும்.

## காயத்தின் தன்மை

கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை பாதம் உட்புறமாகப் புரள்வதால் மூட்டின் வெளிப்பக்கத்தில் ஏற்படுபவை. வெளிப்பக்கத்தில் மூன்று பிணைநார்கள் உள்ளன. அவற்றுள், கணைக்கால் வெளியெலும்பின் நுனியிலிருந்து முன்னோக்கிச் செல்லும் பிணைநாரே வலிமை குறைந்தது. பாதம் கீழ்நோக்கி நீண்ட நிலையில் உட்புறம் புரளும்போது முதலில் காயமடைவதும் அதுவே. விசை மிகுந்தால், குதிகால் எலும்பை நோக்கிச் செல்லும் இரண்டாவது பிணைநாரும் சேர்ந்து கிழியும்.

காயம் மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றது. முதல் தரத்தில் நார் இழுபடுகின்றது, இரண்டாம் தரத்தில் ஒரு பகுதி கிழிகின்றது, மூன்றாம் தரத்தில் முழுவதும் அறுபடுகின்றது. கிழிந்த நாரில் முதல் சில நாட்கள் அழற்சி நீடிக்கும். அடுத்த சில வாரங்களில் புதிய இழைகள் ஒழுங்கற்ற முறையில் உருவாகும். அவை சுமையின் திசைக்கேற்ப ஒழுங்குபட்டு உறுதியடையப் பல மாதங்கள் ஆகலாம். இவ்வொழுங்கு ஏற்படுவதற்கு அளவான சுமை தேவை என்பதே, காலை நீண்ட நாட்கள் அசைக்காமல் வைக்கும் பழைய முறை கைவிடப்பட்டதற்கு ஒரு காரணமாகும். 2010 ஆம் ஆண்டில் பிளீக்லி குழுவினர் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், முதல் வாரத்திலேயே மெல்லிய உடற்பயிற்சிகளைத் தொடங்கியவர்களின் கால் செயற்பாடு மேம்பட்டிருந்தது. ஆயினும் முதல் நாட்களில் வீங்கிய காலை அழுத்தி உருவி, இழுத்து, "சுளுக்கு எடுப்பது" இத்தகைய மெல்லிய அசைவு ஆகாது. அது கிழிந்த நாரின் குருதிக்கசிவை மிகுவிக்கக் கூடும்.

## எலும்பு முறிவை விலக்குதல்

பயிற்சியைத் தொடங்கும் முன் எலும்பு முறிவு இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும். இதற்கு, கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் தலைமையிலான மருத்துவர்கள் 1992 இல் வெளியிட்ட ஒட்டாவா கணுக்கால் விதிகள் பயன்படுகின்றன. கணுப்பகுதியில் வலியுள்ள ஒருவருக்குப் பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் கணுக்காலுக்கு ஊடுகதிர்ப்படம் தேவை என அவ்விதிகள் கூறுகின்றன.

* வெளிக்கணு அல்லது உட்கணு எலும்பின் பின்விளிம்பில், கடைசி 6 செ.மீ. நீளத்திலோ நுனியிலோ தொட்டால் வலித்தல்
* காயமுற்ற உடனேயும், மருத்துவரிடம் வந்த போதும், நான்கு அடிகள் எடுத்து வைக்க இயலாமை

நடுப்பாத வலிக்குத் தனி விதிகள் உள்ளன. பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவிலோ, உட்பக்க மேல்வளைவிலோ எலும்பு தொட்டால் வலிப்பின் பாதத்திற்கும் படம் எடுக்கப்படும். பாதம் வெளிப்புறமாகத் திருகப்பட்டு, கணுவிற்கு மேலே இரு கணைக்கால் எலும்புகளுக்கு இடையில் வலி இருப்பின் அது வேறு வகைச் சுளுக்காகும். அது குணமாவதற்குக் கூடிய காலம் பிடிக்கும் என்பதால், கீழே கூறப்படும் கால அளவுகள் அதற்குப் பொருந்தா.

## சமநிலைப் பயிற்சி

### கருத்தின் தோற்றம்

சுளுக்கிற்குப் பின் கால் அடிக்கடி "நழுவுவது" ஏன் என்பதை, பிரித்தானிய எலும்பு மருத்துவரான மைக்கேல் ஃபிரீமன் 1965 இல் ஆராய்ந்தார். பிணைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்வு நரம்பு முனைகளும் சேதமடைவதே காரணம் என்று அவர் கருதினார். அசையும் பலகையின் மீது நிற்கும் பயிற்சி இக்குறையைக் குறைத்ததையும் எடுத்துக்காட்டினார். நரம்பு முனைகளின் சேதம் மட்டுமன்றி, மூளையும் தண்டுவடமும் காலைக் கட்டுப்படுத்தும் முறையும் மாறுகின்றது என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. ஒரு கால் காயமுற்ற பின் மறுகாலின் சமநிலையும் ஓரளவு குறைவது இதற்கு ஒரு சான்றாகும்.

கால் புரளத் தொடங்கியதிலிருந்து பிணைநார் கிழியும் வரையான நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியே ஆகும். கணைக்காலின் வெளிப்பக்கத் தசைகள் புரளலை உணர்ந்து, சுருங்கி, போதிய விசையைத் தருவதற்கு அந்நேரம் பெரும்பாலும் போதாது. ஆகவே பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் அளவாக இறுகியிருப்பதும், பாதம் சரியான கோணத்தில் இறங்குவதும் இன்றியமையாதவை. சமநிலைப் பயிற்சி வளர்ப்பது இந்த முன்னேற்பாட்டையே ஆகும்.

### பயிற்சியின் படிகள்

வலியின்றி இயல்பாக நடக்க முடிந்தவுடன் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி தொடங்கப்படுகின்றது. முழங்கால் சற்றே மடங்கியிருக்க, வெறுங்காலுடன், கைக்கெட்டும் தொலைவில் சுவர் இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் 30 நொடிகள் வீதம் மூன்று முறை நிற்பது ஒரு தொகுதியாகும். மறுகால் தரையைத் தொடாமல் மூன்று முறையும் நிற்க இயலும்போது அடுத்த படிக்குச் செல்லலாம்.

# உறுதியான தரையில், கண்களைத் திறந்து நிற்றல்
# அதே நிலையில் தலையை இருபுறமும் மெதுவாகத் திருப்புதல்
# உறுதியான தரையில், கண்களை மூடி நிற்றல்
# மடித்த போர்வை அல்லது அசையும் பலகையின் மீது கண்களைத் திறந்து நிற்றல்
# ஒற்றைக்காலில் நின்றவாறு பந்தை எறிந்து பிடித்தல்
# முன்னோக்கித் தாவி ஒற்றைக்காலில் இறங்கி, அசையாமல் மூன்று நொடிகள் நிற்றல்

பயிற்சியின்போது கணு சிறிது ஆடுவது இயல்பானது. அந்த ஆட்டத்தைத் திருத்துவதே பயிற்சியாகும். ஆனால் கால்விரல்கள் தரையைக் கவ்விப் பிடிப்பதும், முழங்கால் உட்புறம் சாய்வதும், இடுப்பு ஒருபக்கம் இறங்குவதும் தவிர்க்கப்பட வேண்டும். இவை தோன்றின், அந்தப் படி இன்னும் கடினமானது என்று கொண்டு முந்தைய படிக்குத் திரும்புவர். பலரும் செய்யும் பிழை, நான்காம் படியிலேயே நின்றுவிடுவதாகும். ஓட்டம் என்பது ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தொடர்ந்து தாவுவதே ஆதலால், இறங்கி நிற்கும் ஆறாம் படியே ஓட்டத்திற்கு மிக நெருங்கியது.

### ஆய்வுச் சான்றுகள்

நெதர்லாந்தில் ஹுப்பரெட்ஸ், வெர்ஹாகன், வான் மெக்கலன் ஆகியோர் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் சுளுக்குற்ற 522 விளையாட்டு வீரர்கள் பங்கு கொண்டனர். வழக்கமான மருத்துவத்துடன், ஒரு பகுதியினர் மட்டும் எட்டு வாரங்கள் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தனர். அடுத்த ஓராண்டில், பயிற்சி செய்தோரில் 22 விழுக்காட்டினருக்கும் செய்யாதோரில் 33 விழுக்காட்டினருக்கும் மீண்டும் சுளுக்கு ஏற்பட்டது. அதாவது, ஏறத்தாழ ஒன்பது பேர் பயிற்சி செய்தால் அவர்களுள் ஒருவருக்கு வரவிருந்த சுளுக்கு தவிர்க்கப்படுகின்றது எனலாம். பயிற்சி செய்தும் ஐவருள் ஒருவருக்கு மேல் மீண்டும் காயமுற்றனர் என்பதும் இதே எண்களிலிருந்து விளங்கும்.

## சுமையேற்றம்

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதத்தின் மீது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தாக்குகின்றது. நிமிடத்திற்கு 160 அடிகள் வைத்து ஓடுபவரின் காயமுற்ற கால், ஒரு நிமிடத்தில் 80 முறை இவ்விசையை ஏற்கின்றது. பத்து நிமிட ஓட்டத்தில் இது 800 முறையாகும். நடைக்குப் பழகிய கால் ஒரே நாளில் இந்நிலைக்குத் தாவ இயலாது என்பதால், இடைப்பட்ட சுமைகள் தேவைப்படுகின்றன.

முதற்கட்டத்தில் இரு கால்களாலும் குதிகாலை உயர்த்தி இறக்குதல், மீள்பட்டையைப் பாதத்தில் கட்டி வெளிப்புறமாகத் தள்ளுதல் ஆகியன செய்யப்படுகின்றன. பின்னர் குதிகால் உயர்த்தல் ஒற்றைக்காலுக்கு மாற்றப்பட்டு, 12 முதல் 15 முறை வீதம் மூன்று தொகுதிகளாகச் செய்யப்படும். இது எளிதானதும், இரு கால்களால் சிறு துள்ளல்களும் அதனையடுத்து ஒற்றைக்கால் துள்ளல்களும் சேர்க்கப்படுகின்றன.

### ஓடத் தொடங்குவதற்கான சோதனைகள்

கீழ்க்காணும் சோதனைகள் வீட்டிலேயே செய்யத்தக்கவை. ஒவ்வொன்றிலும் காயமுற்ற கால் மறுகாலுடன் ஒப்பிடப்படுகின்றது.

* விரைவு நடை: 30 நிமிடங்கள் நொண்டாமல் நடத்தலும், மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடாதிருத்தலும்.
* சுவர்ச் சோதனை: சுவரை நோக்கி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே இயலும் மிகக் கூடிய தொலைவு அளக்கப்படும். இரு கால்களுக்கும் இடையிலான வேறுபாடு 1 முதல் 2 செ.மீ. அளவிற்குள் இருத்தல் நன்று.
* குதிகால் உயர்த்தல்: ஒற்றைக்காலில் இயன்ற எண்ணிக்கை, மறுகாலின் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்குதல்.
* சமநிலை: கண்களைத் திறந்து 30 நொடிகள் நிற்றல். கண்களை மூடிய நிலையில் மறுகாலின் நேரத்தை நெருங்குதல்.
* துள்ளல்: ஒற்றைக்காலில் தொடர்ந்து பத்து முறை, வலியும் தயக்கமும் இன்றித் துள்ளுதல்.

கடைசிச் சோதனையில் தயக்கத்தைக் குறிப்பிட்டிருப்பது தற்செயலானதன்று. விளையாட்டிற்குத் திரும்புவதற்கென 2021 இல் பன்னாட்டு வல்லுநர்கள் ஒப்பிய வரைவில், வலி, மூட்டின் குறைபாடுகள், உணர்வியக்கக் கட்டுப்பாடு, விளையாட்டுத் திறன் ஆகியவற்றுடன், காயமுற்றவர் தம் கால் மீது கொண்டுள்ள நம்பிக்கையும் தனிக் கூறாக இடம் பெற்றுள்ளது.

### ஓட்டமும் நடையும்

சோதனைகளில் தேறியவர் ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையில் தொடங்குகின்றார். பின்வரும் அட்டவணை இவ்வகைத் திட்டங்களுள் ஒன்றாகும். ஒவ்வொரு நிலையும், ஒருநாள் விட்டு ஒருநாள், குறைந்தது இரண்டு முறை செய்யப்படும்.

| நிலை | ஓட்டம் (நிமிடம்) | நடை (நிமிடம்) | முறைகள் | மொத்த ஓட்டம் (நிமிடம்) |
|---|---|---|---|---|
| 1 | 1 | 2 | 8 | 8 |
| 2 | 2 | 2 | 6 | 12 |
| 3 | 3 | 1 | 5 | 15 |
| 4 | 5 | 1 | 4 | 20 |
| 5 | 8 | 1 | 3 | 24 |
| 6 | 30 | – | 1 | 30 |

ஆறு நிலைகளும் சமதரையில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் செய்யப்படுகின்றன. வேகம், ஏற்ற இறக்கம், கரடுமுரடான பாதை, திடீர்த் திருப்பம் ஆகியவை ஆறாம் நிலைக்குப் பின்னரே, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேர்க்கப்படும். இரண்டு மாற்றங்களை ஒரே வாரத்தில் செய்தால், கால் வீங்கும்போது எது காரணம் என்பதை அறிய இயலாது. சாலையின் ஓரங்கள் நீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். ஒரே ஓரத்தில் சென்று திரும்பாமல் ஒரே திசையில் ஓடுவது ஒரு பாதத்தை எப்போதும் சாய்ந்த நிலையில் இறங்கச் செய்யும் என்பதால், தொடக்கத்தில் விளையாட்டுத் திடலின் நேர்ப்பகுதியோ சாலையின் சமமான பகுதியோ ஏற்றது.

### மறுநாள் காலை விதி

சுமை மிகுந்ததா என்பதை ஓடும் நேரத்தில் மட்டும் கொண்டு அறிய முடியாது. உடல் சூடேறியிருக்கும்போது வலி மறைந்திருக்கலாம். எனவே மறுநாள் காலை, படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடிகளும் மாடிப்படியில் இறங்கும்போது உணரும் விறைப்பும் கவனிக்கப்படுகின்றன. வீக்கத்தை அறிய, தையல் நாடாவைக் கணுவையும் பாதத்தையும் சுற்றி எட்டு வடிவில் வைத்து அளப்பர். ஒவ்வொரு முறையும் நாடா ஒரே இடங்களின் மீது செல்ல வேண்டும்.

ஓடும்போது பத்துக்கு இரண்டு என்ற அளவைத் தாண்டாத வலி, மறுநாள் காலைக்குள் மறைந்துவிட்டால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். வலியோ விறைப்போ எஞ்சியிருந்தால் அதே நிலை திரும்பச் செய்யப்படும். வீக்கம் கூடியிருந்தால், அது தணியும் வரை ஓய்ந்து, முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

## எடுத்துக்காட்டு

வாரத்திற்கு 30 கி.மீ. ஓடும் 34 வயதான ஒருவரின் இடது கால், சாலைக்குழியின் விளிம்பில் புரண்டதாகக் கொள்வோம். அவரால் வலியுடன் நான்கு அடிகள் வைக்க முடிகின்றது. வலி வெளிக்கணுவின் முன்பக்கத்தில் உள்ளது, எலும்பின் பின்விளிம்பில் இல்லை. காயம் இரண்டாம் தரம் என மருத்துவர் மதிப்பிடுகின்றார்.

முதல் வாரத்தில் பாதத்தை மேலும் கீழும் அசைத்தலும், அணைபட்டையுடன் குறுகிய நடையும் செய்யப்படுகின்றன. இரண்டாம் வார இறுதியில் அவர் நொண்டாமல் நடந்து, சமநிலைப் பயிற்சியைத் தொடங்குகின்றார். மூன்றாம் வார முடிவில் வலி அறவே இல்லை. ஆயினும் சோதனைகள் வேறுவிதமாகக் காட்டுகின்றன. சுவர்ச் சோதனையில் வலது கால் 11 செ.மீ., இடது கால் 7.5 செ.மீ.; குதிகால் உயர்த்தல் வலதில் 24, இடதில் 13; கண்மூடிச் சமநிலை வலதில் 22 நொடி, இடதில் 8 நொடி. வலியை மட்டும் நம்பியிருந்தால் அவர் அன்றே ஓடியிருப்பார். ஐந்தாம் வார முடிவில் இடது காலின் அளவுகள் முறையே 10 செ.மீ., 22 முறை, 19 நொடி என உயர்கின்றன. துள்ளலும் தயக்கமின்றி அமைகின்றது. ஆறாம் வாரத்தில் முதல் நிலை தொடங்குகின்றது. அன்று இடது கால் தரையில் இறங்குவது 640 முறை.

ஏழாம் வார இறுதிக்குள் முதல் மூன்று நிலைகளும் முடிகின்றன. எட்டாம் வாரத்தில், நான்காம் நிலையின் இரண்டாம் நாளில், கடைசி ஐந்து நிமிடங்களை அவர் பழைய வேகத்தில் ஓடுகின்றார். ஓடும்போது வலி ஏதுமில்லை. மறுநாள் காலை எட்டு வடிவ அளவு 51.0 செ.மீ.இலிருந்து 51.8 செ.மீ. ஆகின்றது, படியிறங்கும்போது விறைப்பும் உள்ளது. நேரமும் வேகமும் ஒன்றாகக் கூடியதே இதற்குக் காரணம். வீக்கம் தணிந்ததும் அவர் மூன்றாம் நிலைக்குத் திரும்பி, ஒன்பதாம் வார இறுதியில் நான்காம் நிலையை முடிக்கின்றார். பதினோராம் வாரத்தில் 30 நிமிடங்கள் தொடர்ந்து ஓடுகின்றார். அதன் பின், வாரம் ஏறத்தாழ 15 கி.மீ. என்ற அளவிலிருந்து முந்தைய 30 கி.மீ.ஐ எட்டுவதற்கு மேலும் ஐந்து அல்லது ஆறு வாரங்கள் எடுத்துக்கொள்கின்றார். ஓட்டம் தொடங்கிய பின்னரும் சமநிலைப் பயிற்சியை வாரம் மூன்று நாட்கள் தொடர்கின்றார்.

## வரம்புகள்

சமநிலைப் பயிற்சியே சிறந்த ஒரே வழி என்று கூறுவதற்கில்லை. ஜான்சென், வான் மெக்கலன், வெர்ஹாகன் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், விளையாடும்போது ஓராண்டு கணுக்கால் அணைபட்டை அணிந்தோரில் 15 விழுக்காட்டினருக்கும், எட்டு வாரப் பயிற்சி மட்டும் செய்தோரில் 27 விழுக்காட்டினருக்கும் மீண்டும் சுளுக்கு ஏற்பட்டது. இவ்விரண்டையும் இணைத்தோரில் இது 19 விழுக்காடாக இருந்தது. எனினும் அணைபட்டை தசை வலிமையையோ மூட்டின் அசைவையோ மீட்டுத் தருவதில்லை. ஆகவே ஓட்டத்திற்குத் திரும்பும் மாதங்களில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கமாக உள்ளது.

மறுகாலை அளவுகோலாகக் கொள்வதிலும் ஒரு குறை உண்டு. மேலே குறிப்பிட்டவாறு, அக்காலின் சமநிலையும் காயத்தின் பின் குறைந்திருக்கலாம். முன்பே பலமுறை சுளுக்குற்றவர்களிடம் இக்குறை கூடுதலாகக் கருதத்தக்கது.

நன்கு பயிற்சி செய்தும் ஆறு முதல் எட்டு வாரங்களில் முன்னேற்றம் இல்லாமை, மூட்டின் உள்ளே ஆழ்ந்த வலி, அசைக்கும்போது மூட்டு சிக்கிக்கொள்ளுதல், சமதரையிலும் கால் நழுவுதல் ஆகியவை மூட்டின் குருத்தெலும்பிலோ வெளிப்பக்கத் தசைநாண்களிலோ வேறு காயம் இருப்பதைக் காட்டலாம். அந்நிலையில் சுமையைக் கூட்டாமல், எலும்பு மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்துகொள்வதே முறையாகும்.

## இவற்றையும் பார்க்க

* கணுக்கால்
* பிணைநார்
* இயன்முறை மருத்துவம்
* நெடுந்தொலைவு ஓட்டம்